வாடகையில காற்பங்கா? அப்பிடி ஒரு சட்டம் இல்ல

போன கிழமை வட்ஸ்அப்பில ஒரு குரல் பதிவு வந்தது. ஒரே நாளில மூண்டு பேர் எனக்கு அனுப்பினாங்க.

"சொந்தமா தொழில் செய்யிற ஆக்கள் வீட்டில இருந்து வேல செய்தா, வீட்டு வாடகையில 25 வீதத்த வரிக் கணக்கில கழிச்சுப் போடலாம். சட்டத்தில இருக்கு. யாரும் கேக்க மாட்டாங்க."

கேட்டதும் எனக்குக் கோபம் வந்திட்டு. இத நம்பி ரெண்டு பேர் ஏற்கனவே கணக்குப் போட்டிட்டாங்க. அதில ஒருத்தி என்னோட கள ஆய்வுக்கு வாற தங்கச்சி. இந்த வருஷந்தான் முதல் தரம் வரி விபரத்திரட்டு நிரப்பப் போறா. முதல் தரமே பிழையாப் பழகக் கூடாது.

அதனால இருந்து எழுதிறன். கொஞ்சம் நீளம். தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வாங்க.

என்னத் தெரியாத ஆக்களுக்கு: நான் வாழைச்சேனையில இருந்து ஆலோசகரா வேல செய்யிறன். தொண்டு நிறுவனங்களுக்கு ஆய்வு செய்து அறிக்கை எழுதிக் குடுக்கிறது. மாதத்தில சில நாள் வாகரை, கிரான் பக்கம் களத்தில. மிச்ச நாள் வீட்டில மடிக்கணினிக்கு முன்னால. எனக்குச் சம்பளத் துண்டு இல்ல, முதலாளி இல்ல. வாறதும் போறதும் என்ட கணக்கு.

முதல்ல அந்த 25 வீதம் எங்க இருந்து வந்தது எண்டு சொல்றன். அது பொய் இல்ல. ஆள் மாறின கதை.

எங்கட நாட்டு வருமான வரியில, வீட்ட வாடகைக்குக் குடுக்கிற ஆளுக்கு ஒரு நிவாரணம் இருக்கு. வாற வாடகை வருமானத்தில 25 வீதத்த, திருத்த வேல, பராமரிப்பு, தேய்மானம் எல்லாத்துக்குமா சேத்துக் கழிக்கலாம். பில் காட்டத் தேவயில்ல. அது வீட்டுக்காரர்ட சலுகை. வாடகை கட்டுற எனக்கும் உங்களுக்கும் அதில ஒரு சதமும் சேராது.

யாரோ எங்கயோ "வாடகை, 25 வீதம்" எண்டு ரெண்டு சொல்லக் கேட்டிருக்காங்க. மறுகா அது வாய் மாறி வாய் வந்திருக்கு.

சரி, அப்ப கட்டுற எங்களுக்கு எத்தின வீதம்?

வீதமே இல்ல. இதத்தான் எல்லாரும் நம்ப மறுக்கிறாங்க. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில வீட்டு அலுவலகத்துக்கு எண்டு ஒரு இலக்கமும் எழுதியில்ல. இருக்கிறது ரெண்டு வசனம். அந்த ரெண்டும் ஒண்டோட ஒண்டு மல்லுக் கட்டும்.

ஒண்டு, 11ஆம் பிரிவு. தொழில் வருமானத்த உழைக்க அந்த வருஷத்தில நீங்க செய்த செலவ, எந்த அளவுக்கு அதுக்காகச் செய்தீங்களோ அந்த அளவுக்குக் கழிக்கலாம். இந்த "அந்த அளவுக்கு" எண்ட சொல்தான் எங்கட உயிர். ஒரே பில்லில பாதி வீட்டுக்கு, பாதி தொழிலுக்கு எண்டு இருந்தாலும் தொழில் பங்க வெட்டி எடுக்க இடம் தருது.

மற்றது, 10ஆம் பிரிவு. வீட்டுச் செலவக் கழிக்க ஏலாது. வீட்டுச் செலவு எண்டா என்ன எண்டும் சட்டம் சொல்லுது: ஒரு ஆள் தன்னப் பராமரிக்கிற செலவு. சாப்பாடு, பொழுதுபோக்கு, தங்குமிடம்.

தங்குமிடம்.

இந்த ஒரு சொல்லாலதான் வாடகையும் கரண்ட் பில்லும் வேற வேற வழியில போகுது. கரண்ட் எரிஞ்சது எதுக்கு எண்டு அளந்து காட்டலாம். கணினி ஓடினா கணினிக்குத்தான் எரிஞ்சது. ஆனா வாடகை? வேல செய்தாலும் செய்யாட்டியும் அந்த வீட்டுக்கு அதே வாடகைதான் கட்டியிருப்பன். படுக்கிறதுக்கு ஒரு கூரை வேணுந்தானே. அப்ப அது தங்குமிடச் செலவு இல்லாம தொழில் செலவு எண்டு எப்பிடிச் சொல்றது?

நான் முதல் வருஷம் இதில பிழை விட்டன்.

அப்ப எனக்கெண்டு அறை இல்ல. ஹோலில சாப்பாட்டு மேசையில இருந்துதான் எழுதினன். பகல் முழுக்க அங்கதான், அதனால வாடகையில மூண்டில ஒண்டு போடலாம் எண்டு நினச்சன். மட்டக்களப்பில எங்களுக்குக் கணக்குப் பாக்கிற ஒரு அண்ணன் இருக்கார். அவரிட்டக் கொண்டு போனன். பேனை எடுத்தார்.

"தங்கச்சி, அந்த மேசையில இரவைக்கு என்ன நடக்கும்?"

"சாப்பிடுவம் அண்ணன்."

"பிள்ளைகள் வீட்டுப்பாடம் எங்க செய்யும்?"

"அங்கதான்."

"அப்ப அது சாப்பாட்டு மேசை. நீங்க அதில வேலயும் செய்யிறீங்க."

வாடகைய வெட்டினார். கரண்டத் தொடல்ல. "இத அளந்து கொண்டு வாங்க, நான் போடுறன்" எண்டார்.

அண்டைக்குக் கவலையா இருந்தது. பிறகு வாசிக்க வாசிக்க விளங்கினது, அவர் பிடிச்ச கோடு சரியான கோடு. அவுஸ்திரேலியாவில இதே கேள்வி நீதிமன்றத்துக்குப் போயிருக்கு. அங்கத்தைய தீர்ப்பு எங்கட நாட்டக் கட்டுப்படுத்தாது. ஆனா "தங்குமிடமா, தொழிலிடமா" எண்டு பிரிச்சுப் பாக்கிறதுக்கு இத விட நல்ல ரெண்டு வழக்கு நான் காணல்ல.

முதலாவது ஹான்ட்லி எண்ட சட்டத்தரணிட வழக்கு, 1981. அவருக்கு நகரத்தில அலுவலகம் இருந்தது. வீட்டிலயும் தனியா ஒரு படிப்பறை. இரவிலயும் சனி ஞாயிறும் அங்க இருந்து வழக்குக் கட்டுகள் பாப்பார். வீட்டுக் கடன் வட்டி, வரி, காப்புறுதி எல்லாத்திலயும் அந்த அறைக்குரிய பங்கக் கேட்டார். உயர் நீதிமன்றம் 3க்கு 2 எண்டு மறுத்திட்டு. தனி அறைதான், உண்மையா வேல செய்ததுதான். ஆனாலும் அது வீட்டிட ஒரு பகுதி, வசதிக்காக அங்க இருந்து வேல செய்திருக்கார் எண்டு பெரும்பான்ம நீதிபதிகள் பாத்தாங்க.

மூண்டு வருஷம் கழிச்சு, 1984ல, ஸ்வின்ஃபோர்ட் வழக்கு. அவ ஒரு திரைக்கத, தொடர் எழுதிற ஆள். எங்களப் போல சொந்தத் தொழில். வாடகைக் குடியிருப்பில ஒரு படுக்கை அறைய எழுதிறதுக்கெண்டே வச்சிருந்தா. வேல சம்பந்தமாச் சந்திக்கிற ஆக்களயும் அங்கதான் சந்திப்பா. வேற அலுவலகம் கிடையாது. நீதிமன்றம் அவக்கு வாடகையில பங்கக் குடுத்திட்டு.

ரெண்டையும் பக்கத்தில வச்சுப் பாருங்க. அறை ரெண்டு பேருக்கும் இருந்தது. வித்தியாசம், ஸ்வின்ஃபோர்டுக்குத் தொழில் நடக்கிற இடம் அது ஒண்டுதான். அந்த அறைய எடுத்திட்டா அவவிட தொழிலுக்கு முகவரியே இல்ல. ஹான்ட்லிக்கு அப்பிடி இல்ல, நகரத்தில ஒரு கதவு திறந்திருந்தது.

அந்த நாட்டு வரி அலுவலகமும் 1993ல இதப் பற்றி எழுதின விளக்கத்தில இப்பிடித்தான் பிரிச்சிருக்கு. வெளிச்சம், கரண்ட் போல ஓடுற செலவு ஒரு பக்கம், வாடகை போல இருக்கிற செலவு மற்றப் பக்கம். ஓடுற செலவுக்குச் சாட்சி லேசு. இருக்கிற செலவுக்கு அறை தொழிலிடமா மாறியிருக்க வேணும்.

இதுக்குப் பிறகுதான் எங்கட வீட்டுப் பின் அறைய ஒதுக்கினன். நெல்லு மூட்டையும் பழைய கட்டிலும் கிடந்த அறை. கட்டில வெளிய எடுத்தாச்சு. மேசை, ரெண்டு கதிரை, ஆய்வுப் படிவங்கள் வைக்க ஒரு இரும்பு அலுமாரி. களத்துக்குப் போற பிள்ளைகள் படிவம் ஒப்படைக்க வாறது அந்த அறைக்குத்தான், நிறுவனத்து ஆக்கள் வந்தாலும் அங்கதான். வெளி முற்றத்தால தனி வாசலும் இருக்கு. விருந்தாளி வந்தாலும் (பாசிக்குடா பாக்க வாற சொந்தக்காரர் குறைவில்ல) அந்த அறையில பாய் விரிக்கிறதில்ல. இதில நான் கண்டிப்பு.

மறுகா அளந்தன். அறை 10 அடிக்கு 12 அடி, 120 சதுர அடி. வீடு உள்ளுக்க மொத்தம் 800 சதுர அடி. 120ஐ 800ஆல பிரிச்சா 15 வீதம்.

ஒரு இடத்தில கவனம். சில பேர் அறையத்தான் எண்ணுவாங்க. எங்கட வீட்டில அறை, ஹோல், குசினி எல்லாம் சேத்து அஞ்சு. அப்பிடி எண்ணினா அஞ்சில ஒண்டு, 20 வீதம். எல்லா அறையும் ஒரே அளவெண்டா அது சரி. எங்கட ஹோல் பின் அறை மாதிரி ரெண்டு மடங்கு. அதனால அடிக் கணக்குத்தான் உண்ம. இன்னொரு தவறும் நடக்கிறது: கீழ் எண்ணில குசினியையும் குளியலறையையும் விட்டிட்டு, படுக்கை அறைகள மட்டும் போட்டுப் பங்கக் கூட்டுறது. வாடகை முழு வீட்டுக்கும் கட்டுறம். அப்ப பிரிக்கிறதும் முழு வீட்டாலதான்.

வாடகை மாதம் 24,000 ரூபா. வருஷத்துக்கு 2,88,000. அதில 15 வீதம், 43,200 ரூபா.

அந்த அறையில இரவைக்கு ஒரு பிள்ளை படுக்குது எண்டு வையுங்க. அப்ப 15 வீதத்த முழுசாப் போட ஏலாது, நேரத்தாலயும் வெட்ட வேணும். நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமையில 6 நாள் வேல எண்டா 48 மணித்தியாலம். ஒரு கிழமையில 168 மணித்தியாலம். 15 வீதத்த இந்தப் பங்கால பெருக்கினா 4.3 வீதத்துக்குக் கிட்ட வரும். 43,200 இருந்த இடத்தில 12,343 ரூபா. ஒரு கட்டிலால முப்பதாயிரம் போகுது. அந்த 12,343ஐயும் போடலாமா, ஹான்ட்லி மாதிரி விழுந்திடுமா எண்டு கேட்டா, நான் போட மாட்டன். படுக்கிற அறையத் தொழிலிடம் எண்டு என்னால மனச்சாட்சியோட சொல்ல ஏலாது. கணக்குப் பாக்கிற அண்ணனும் அதத்தான் சொன்னார்.

இனிக் கரண்ட்.

இதிலதான் நான் கூட மினக்கெட்டன். எனக்குப் பிடிச்ச பகுதியும் இதுதான்.

லேசான வழி, கரண்ட் பில்லிலயும் அதே 15 வீதம். அடிக் கணக்கு வாடகைக்குப் பொருந்தும், கரண்டுக்குப் பொருந்தாது. சதுர அடி கரண்ட் குடிக்கிறதில்ல. குளிர்சாதனப் பெட்டி நிக்கிற மூலை 6 சதுர அடி, ஆனா இரவு பகலா இழுக்குது. அதனால அளக்கத் தீர்மானிச்சன்.

முதல் முயற்சி: ஒரு ஞாயிற்றுக்கிழமை அறைய விட்டிட்டு மற்ற எல்லாத்தையும் நிப்பாட்டி, வாசல் மீற்றரப் பாத்துக்கொண்டு இருந்தன். ஒரு மணித்தியாலம் இருந்தும் இலக்கம் மாறல்ல. ஏனெண்டு பிறகு விளங்கினது. என்ட அறையில எல்லாம் சேந்து 145 வாற்று. ஒரு அலகு ஓட ஏழு மணித்தியாலம் வேணும். அவ்வளவு நேரம் பெட்டிய நிப்பாட்டினா மீன் பழுதாப் போயிடும்.

ரெண்டாவது முயற்சி: சாமானுக்குப் பின்னால ஒட்டியிருக்கிறத வாசிச்சது. மடிக்கணினி சார்ஜரில 65 வாற்று எண்டு இருந்தது. அதப் போட்டுக் கணக்குப் பாத்தன். அதுவும் பிழை. அது சார்ஜர் குடுக்கக் கூடிய உச்சம், உண்மையா இழுக்கிறது இல்ல. செருகியில மாட்டுற சின்ன வாற்று மீற்றர் ஒண்டு வாங்கிப் பாத்தா, எழுதிற நேரம் 40 வாற்றுக்குக் கிட்டத்தான் காட்டினது. ஒட்டியிருக்கிறத நம்பியிருந்தா அரைவாசிக்கு மேல கூட்டிப் போட்டிருப்பன்.

கடைசியா வந்த கணக்கு இது. என்ட நாட்குறிப்பின்படி, களத்துக்குப் போன நாள் தவிர, சராசரியா மாதம் 20 நாள் வீட்டில வேல, நாளைக்கு 8 மணித்தியாலம். 160 மணித்தியாலம்.

மடிக்கணினி 40 வாற்று, 6.4 அலகு. பெரிய திரை 25 வாற்று, 4 அலகு. மேல் விசிறி 70 வாற்று, 11.2 அலகு (எங்கட வெக்கைக்கு விசிறி நிக்கிறதே இல்ல). பின்னேரம் எரியிற குமிழ் ஒரு அலகுக்கும் குறைவு. இணையப் பெட்டி இரவு பகலா ஓடி மாதம் 7.2 அலகு, அதப் பிள்ளைகளும் பாவிக்கிறாங்க, அதனால பாதி, 3.6. எல்லாம் கூட்டினா 26 அலகு.

வருஷம் முழுக்க வந்த பன்னிரண்டு பில்லையும் வச்சுப் பாத்தா, வீடு சராசரியா மாதம் 130 அலகு. 130ல 26, சரியா 20 வீதம்.

பன்னிரண்டு பில்லும் சேத்து 42,000 ரூபா. அதில 20 வீதம், 8,400.

பாத்தீங்களா, அடிக் கணக்கு 15ஐத் தந்தது, அளந்தா 20. அளந்த ஆளுக்கு நட்டமில்ல. ஆனா எங்கட வீட்டில குளிரூட்டி இருந்து அது படுக்கை அறையில ஓடியிருந்தா, மொத்த அலகு கூடி என்ட பங்கு 10 வீதத்துக்கும் கீழ இறங்கியிருக்கும். அதனால பக்கத்து வீட்டு வீதத்த வாங்கிப் போடாதீங்க.

இதில ஒரு நுணுக்கம். எங்கட வீட்டுக் கரண்ட் பில் படி படியாக் கூடுற விலை. 60, 90, 120, 180 எண்டு படிகள். மேல் படிக்குப் போகப் போக ஒரு அலகின்ட விலை ஏறும். என்ட 26 அலகு இல்லாட்டி வீடு 104ல நிண்டிருக்கும். வேலையால 120 தாண்டி விலை கூடின படிக்குள்ள பத்து அலகு போகுது. அப்ப "என்ட வேலதானே மேல் படிக்குத் தள்ளினது, மேல் படி விலையிலயே போடுறன்" எண்டு கேக்கலாம். நானும் யோசிச்சன், வேணாம் எண்டு விட்டன். படியத் தாண்டினது என்ட விசிறியா, குளிர்சாதனப் பெட்டியா எண்டு யார் சொல்றது? எல்லா அலகும் சேந்துதான் தாண்டினது. சராசரி விலையில ஒரே வீதத்தப் போட்டு, ஒவ்வொரு வருஷமும் அதே முறையில போனா கேக்கிற ஆளுக்கும் விளங்கும்.

அப்ப மொத்தம்: வாடகை 43,200, கரண்ட் 8,400. கூட்டினா 51,600 ரூபா.

இதால வரி எவ்வளவு குறையும்? பயிற்சி குடுக்கிற ஆக்கள் ஒருத்தரும் இதச் சொல்றதில்ல. 51,600 குறையாது! குறையிறது வரி போடுற வருமானம்.

2025/26 மதிப்பீட்டு ஆண்டுக்குக் கணக்குப் பாப்பம். 2025 ஏப்ரலில இருந்து தனிநபர் நிவாரணம் 18 இலட்சம். அதுக்கு மேல முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், பிறகு ஐந்தைந்து இலட்சமா 18, 24, 30, மிச்சத்துக்கு 36.

எனக்கு வந்த கட்டணம் 32 இலட்சம் எண்டு வையுங்க. களத்துப் பிள்ளைகளுக்கு நாட்கூலி, வாகன வாடகை, அச்சு எல்லாம் 8 இலட்சம். மிச்சம் 24. அதில 18 நிவாரணம் போக 6 இலட்சத்துக்கு 6 வீதம், 36,000 ரூபா வரி. வீட்டு அலுவலகத்தக் கழிச்சா 5,48,400க்கு வரி, 32,904. வித்தியாசம் 3,096 ரூபா.

அவ்வளவுதான். மேல் படியில, 36 வீதத்தில இருக்கிற ஆளுக்கு அதே 51,600ஆல 18,576 குறையும். அவருக்கு இது பெரிய விசயம். எனக்கு மூவாயிரம். மூவாயிரத்த விடச் சொல்லல்ல, அது நான் உழைச்ச காசு. ஆனா மூவாயிரத்துக்காக இல்லாத வாடகைப் பங்கக் காட்டி, மிச்சக் கணக்கு முழுக்கச் சந்தேகத்தில விழுத்திறது சரியில்ல.

ஏன் சந்தேகம் எண்டா, எங்கட கட்டணத்தில முதலே பிடிக்கிறாங்க. ஒரு மாதத்தில கட்டணம் ஒரு இலட்சத்துக்கு மேல போனா, நிறுவனம் 5 வீதத்தப் பிடிச்சு இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டிப் போடும். 32 இலட்சமும் அப்பிடி வந்திருந்தா 1,60,000 முதலே போயிட்டு. நான் கட்ட வேண்டிய வரி 32,904. மிச்சத்த நான் திருப்பிக் கேக்க வேணும். திருப்பிக் கேக்கிற ஆளிட கணக்கு திருத்தமா இருக்க வேணும். என்ட பெரிய காசு அங்கதான் கிடக்கு, வாடகைப் பங்கில இல்ல. பிடிச்ச சான்றிதழ ஒவ்வொரு நிறுவனத்திட்டயும் கையோட வாங்கி வையுங்க.

(வெளிநாட்டுக்கு வேல செய்து டொலரில பேங்குக்கு எடுக்கிற தம்பிமாருக்கு ஒரு வரி: 2025 மார்ச் 31 வரைக்கும் அந்த வருமானத்துக்கு வரி விலக்கு இருந்தது, செலவுக் கணக்கு தேவப்படல்ல. ஏப்ரலில இருந்து 15 வீதம் வரைக்கும் வரி. இனி நீங்களும் பில் சேக்க வேணும்.)

சாட்சி விசயம்.

எங்கட பக்கம் வாடகைக்கு ரிசீட் குடுக்கிற பழக்கம் குறைவு. நான் வீட்டுக்கார ஐயாவிட்டக் கேட்டதும் முகம் மாறிட்டு. "புள்ள, ரிசீட் எழுதினா எனக்கு வரிக் கடிதம் வரும். வேணுமெண்டா வாடகையக் கூட்டித் தா."

அவருக்குத்தான் அந்த 25 வீத நிவாரணத்த இருந்து விளங்கப்படுத்தினன். வாற 2,88,000ல காற்பங்கு முதலே கழியும், மிச்சம் அவர்ட 18 இலட்ச நிவாரணத்துக்குள்ள அடங்கும், அவருக்கு வேற வருமானமும் இல்ல. வரி ஒண்டும் வராது எண்டு தாளில எழுதிக் காட்டினன். ரெண்டு நாள் யோசிச்சிட்டு ஒத்துக்கொண்டார். இப்ப வாடகைய பேங்கால அனுப்புறன், ரிசீட்டும் வாங்கிறன். ஒப்பந்தத்தில முதல் "வசிப்பதற்கு மாத்திரம்" எண்டு இருந்தது. புதுப்பிக்கிற நேரம் "பின் அறையை அலுவலகமாகவும் பாவிக்கலாம்" எண்டு ஒரு வரி சேத்தம். அந்த வரி இல்லாட்டி என்ட ஒப்பந்தமே எனக்கு எதிரான சாட்சி.

இன்னொரு கேள்வி எங்கட மாவட்டத்தில கட்டாயம் வரும். இங்க அரைவாசிப் பேர் இருக்கிறது மனைவிட சீதன வீட்டில. களுவாஞ்சிக்குடியில ஒரு கூட்டாளி கேட்டார்: "என்ட அலுவலக அறைக்கு மாதம் எவ்வளவு வாடகை போடலாம்?"

வாடகை கட்டுறீங்களா எண்டு கேட்டன். இல்ல. அப்ப செலவே இல்ல. சட்டம் கேக்கிறது செய்த செலவ. "வெளியில எடுத்திருந்தா இவ்வளவு வந்திருக்கும்" எண்ட கணக்கு செல்லாது. மனைவிக்கு வாடகை கட்டுறதா எழுதினா? உண்மையாக் காசு கை மாற வேணும், ஊர் விலையில இருக்க வேணும், அது அவவிட வாடகை வருமானமாவும் கணக்கில வர வேணும். வெறும் தாளில எழுதிறது பொய்க் கணக்கு. அவருக்குக் கரண்ட் பங்கு இருக்கு, இணையப் பங்கு இருக்கு. அதப் போடச் சொன்னன். மேசை, கணினி வாங்கின காசையும் ஒரே தரத்தில செலவாப் போட வேணாம், அது மூலதனம். கணினி எண்டா அஞ்சு வருஷத்துக்குப் பிரிச்சுக் கழிக்கிறது.

வெளிநாட்டுக் காணொளி பாக்கிற ஆக்களுக்கும் ஒண்டு சொல்ல வேணும். டொரண்டோவில இருக்கிற என்ட மச்சாள் ஒரு படிவத்தில வீட்டுப் பங்க நிரப்பிறா, அங்க அதுக்கெண்டே ஒரு பகுதி இருக்கு. ஆனா அந்தக் கழிவால தொழில நட்டத்தில காட்ட ஏலாது எண்டும் கட்டுப்பாடு. லண்டனில சொந்தத் தொழில் செய்யிற ஆள் கணக்கே பாக்காம, மணித்தியாலத்தப் பொறுத்து மாதம் 10, 18, 26 பவுண் எண்டு போடலாம். தமிழ்நாட்டில சில தொழில் ஆக்கள் 44ADA எண்ட பிரிவில வரவில பாதிய இலாபமாக் காட்டிப்போட்டுப் போவாங்க, அவங்களுக்கு வாடகைப் பங்கெண்ட கதையே தனியா இல்ல. எல்லாம் அந்தந்த நாட்டுச் சட்டம். எங்களுக்கு இருக்கிறது "அந்த அளவுக்கு" எண்ட சொல்லும் ஒரு அளவு நாடாவும்.

வாற ஜனவரியில மூத்தவளுக்கு உயர்தரப் பரீட்சைப் படிப்புக்குத் தனி அறை வேணுமாம். பின் அறையில அவட கட்டில் வரப் போகுது. அண்டையில இருந்து அது என்ட தொழிலிடம் இல்ல. அந்த வருஷத்துக்கு ஏப்ரலில இருந்து டிசம்பர் வரைக்கும் ஒன்பது மாதம், 2,16,000ல 15 வீதம், 32,400. பிறகு மூண்டு மாதத்துக்கு வாடகையில ஒண்டும் போட மாட்டன், அளந்த கரண்ட் மட்டும். கட்டில் உள்ள போற நாளை நாட்குறிப்பில எழுதி வைக்க வேணும்.